எல்பி(ஏ) 104: குறைக்க மருந்தில்லாத ஒன்றை ஏன் அளந்தோம்?

"என் அண்ணனுக்கு 46 வயதில் மாரடைப்பு வந்தது. புகை, மது, சர்க்கரை எதுவும் இல்லாதவர். அப்பாவும் 51 வயதில் மாரடைப்பில்தான் போனார். அண்ணனுக்கு எல்பி(ஏ) என்ற பரிசோதனை எடுத்ததில் 260 என்று வந்தது. எங்களையும் எடுக்கச் சொன்னார்கள். எனக்கு 104. வயது 41, எல்டிஎல் 138, ரத்த அழுத்தம் 128/82, சர்க்கரை இல்லை. அண்ணனுக்கு இருப்பதில் பாதிகூட இல்லையே என்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். ஆறு மாதம் உணவைக் கட்டுப்படுத்தி, தினமும் நடந்துவிட்டு மறுபடி எடுத்தால் 109! அண்ணன் கொழுப்பு மாத்திரை சாப்பிட்டும் அவருக்கு இது குறையவில்லை. குறைக்க மருந்தே இல்லை என்கிறார்கள். அப்படியானால் இதை ஏன் அளந்தோம்? நான் மாத்திரை சாப்பிட வேண்டுமா? 14 வயது மகனுக்கும் எடுக்க வேண்டுமா?"
— ஒரு வாசகி

இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்ணுக்கு அருகில் சிறிய எழுத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எல்பி(ஏ) என்பது ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு துகள். அதை ஆய்வகங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்பது ஒரு முறை. ஒரு லிட்டரில் எத்தனை நானோமோல் என்பது இன்னொன்று. முதலாவது துகள்களின் எடையைச் சொல்கிறது, இரண்டாவது அவற்றின் எண்ணிக்கையைச் சொல்கிறது. அண்ணனின் 260 நானோமோல் கணக்கிலும் உங்கள் 104 மில்லிகிராம் கணக்கிலும் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படி என்றால் நீங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள். மில்லிகிராமை இரண்டாலோ இரண்டரையாலோ பெருக்கினால் தோராயமாக நானோமோல் வரும். உங்கள் 104 அந்தக் கணக்கில் 208 முதல் 260 வரை போகும். "தோராயமாக" என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தத் துகளின் எடை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் ஓர் அலகிலிருந்து இன்னொன்றுக்குச் சரியாக மாற்றும் எண் எதுவும் கிடையாது. முடிவெடுக்கும் எல்லைகளையும் அந்தந்த அலகிலேயே பார்க்க வேண்டும். 30 மில்லிகிராமுக்குக் கீழே, அல்லது 75 நானோமோலுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 50 மில்லிகிராமுக்கு மேலே, அல்லது 125 நானோமோலுக்கு மேலே போனால் ஆபத்து கூடுதல் என்று கொள்கிறோம். இடைப்பட்டது தெளிவில்லாத பகுதி. உலகில் சுமார் ஐந்தில் ஒருவர் அந்த மேல் எல்லையைத் தாண்டியவர்தான். அரிய நோய் என்று இதைச் சொல்லவே முடியாது. அளந்து பார்த்தவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

நார்வே நாட்டு மருத்துவர் கோரே பெர்க் இதை 1963-இல் கண்டுபிடித்தார். நீங்கள் அறிந்த எல்டிஎல் துகளேதான் இதன் உடல். அதன் மேல் அப்போலிப்போபுரோட்டீன் (ஏ) என்ற நீண்ட புரதம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புரதத்தில் ஒரே மாதிரியான வளையங்கள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வரும் என்பதை ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு தீர்மானிக்கிறது. சிலருக்கு அது மிகக் குறைவு, சிலருக்கு நாற்பதுக்கும் மேல். வளையங்கள் குறைந்தால் புரதம் சிறியதாக இருக்கும். சிறிய புரதத்தைக் கல்லீரல் எளிதாகவும் வேகமாகவும் உருவாக்கி ரத்தத்தில் விடும். ஆகவே சிறிய வடிவத்தைப் பெற்றவர்களின் ரத்தத்தில் எல்பி(ஏ) அதிகமாகவும், பெரிய வடிவத்தைப் பெற்றவர்களிடம் குறைவாகவும் இருக்கும்.

இந்த மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. பொதுவாக அவற்றில் ஒன்றுதான் அளவை உயர்த்துகிறது. உங்கள் குடும்பத்தில் அது அப்பா வழியாக வந்திருக்கலாம். அவருக்கு யாரும் அளக்கவில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் 51 வயதில் அவர், 46-இல் அண்ணன், இப்போது உங்கள் எண் என்ற வரிசை அதைத்தான் காட்டுகிறது. உங்கள் அம்மா இருந்தால் அவருக்கும் ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. குறைவாக வந்தால் வழி தெளிவாகிவிடும், அதிகமாக வந்தால் அவரையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

ஆறு மாத முயற்சி ஏன் இந்த எண்ணை அசைக்கவில்லை என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது. அளவைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு மரபணுவுடையது. குழந்தைப் பருவத்திலேயே அது ஏறக்குறைய நிலைபெற்று, வாழ்நாள் முழுவதும் அங்கேயே நிற்கும். நடை, எடைக் குறைப்பு, உணவு மாற்றம் எதுவும் அதைச் சொல்லும்படி மாற்றாது. உணவில் கெட்டிக் கொழுப்பைக் குறைக்கும்போது எல்டிஎல் இறங்கினாலும் எல்பி(ஏ) கொஞ்சம் ஏறுவதைச் சில ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. 104 என்பது 109 ஆனது உங்கள் உணவாலோ உழைப்பாலோ நேர்ந்த கெடுதல் அன்று. அதே ரத்தத்தை அதே ஆய்வகத்தில் இரண்டு முறை ஓட்டினாலும் இந்த அளவுக்கு வித்தியாசம் வரலாம். உங்கள் முயற்சியின் பலனை வேறு எண்களில் தேடுங்கள். எல்டிஎல், ரத்த அழுத்தம், இடுப்பளவு, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவை அந்த ஆறு மாதத்தில் எப்படி மாறின என்று கடிதத்தில் இல்லை. அவற்றைத்தான் நான் பார்க்க விரும்புவேன்.

இந்தத் துகள் செய்யும் கெடுதல் இரண்டு. அதன் உடல் எல்டிஎல் என்பதால் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து கொழுப்பைச் சேர்க்கிறது. அதோடு, ஆக்சிஜனேற்றம் அடைந்த பாஸ்போலிப்பிடுகள் என்ற பொருள்களையும் சுமந்து செல்கிறது. அவை சுவரில் அழற்சியைத் தூண்டுகின்றன. எனவே துகளுக்குத் துகள் ஒப்பிட்டால் சாதாரண எல்டிஎல்லைவிட இது கெட்டது. இது ரத்தக் கட்டியைக் கரையவிடாது என்ற விளக்கமும் பல இடங்களில் சொல்லப்படுகிறது. கட்டியைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தின் சாயல் இதற்கு உண்டு என்பதால் வந்த கருத்து அது. மனித உடலுக்குள் அப்படித்தான் நடக்கிறது என்று நிறுவப்படவில்லை. காலின் ஆழ்ந்த சிரைகளில் ரத்தம் கட்டுவதற்கும் மரபு வழியாக உயர்ந்த எல்பி(ஏ)க்கும் தொடர்பு இருப்பதாகவும் மரபணு ஆய்வுகள் காட்டவில்லை. அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

ஆபத்து எவ்வளவு கூடும்? எல்பி(ஏ) மிகக் குறைவாக உள்ள, மற்ற எல்லாவற்றிலும் உங்களைப் போன்றே இருக்கும் ஒருவரோடு ஒப்பிட்டால், 100 மில்லிகிராம் அருகில் உள்ளவருக்கு வாழ்நாளில் மாரடைப்பு போன்றவை வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. இந்த "இரண்டு மடங்கு" எதன் மேல் வருகிறது என்பதுதான் முக்கியம். அடிப்படை வாய்ப்பு நூற்றில் ஐந்து என்றால் அது பத்தாகும். புகை, சர்க்கரை, கவனிக்காத ரத்த அழுத்தம், உயர்ந்த எல்டிஎல் எல்லாம் சேர்ந்து அடிப்படையே நூற்றில் இருபத்தைந்தாக இருந்தால் ஐம்பதாகும். பெருக்கும் எண் இரண்டிலும் ஒன்றுதான். எதைப் பெருக்க விடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

குறைக்க மருந்தில்லாததை ஏன் அளந்தோம் என்ற உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான். இதே கேள்வியை மருத்துவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சென்ற வருடம் உங்கள் எல்டிஎல் 138-ஐ யாரிடமாவது காட்டியிருந்தால், 41 வயதுப் பெண், புகையில்லை, சர்க்கரையில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருப்பார்கள். வழக்கமான ஆபத்துக் கணிப்புகளும் குறைந்த ஆபத்து என்றே காட்டும். அவற்றில் வயதுக்குக் கனம் அதிகம், எல்பி(ஏ)க்கு இடமே இல்லை. இப்போது அதே 138 எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. அளந்ததால் எல்பி(ஏ) மாறவில்லை, உங்கள் எல்டிஎல்லுக்கு நாம் வைக்கும் இலக்கு மாறிவிட்டது.

அந்த 138-க்குள்ளேயே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆய்வகம் எல்டிஎல் என்று தரும் எண்ணில் எல்பி(ஏ)க்குள் உள்ள கொலஸ்ட்ராலும் சேர்ந்தே வரும். வழக்கமான பரிசோதனையால் இரண்டையும் பிரிக்க முடியாது. எல்பி(ஏ)யின் எடையில் சுமார் 30 சதவீதம் கொலஸ்ட்ரால் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி உங்கள் 104-இல் 31 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். 138-இல் அதைக் கழித்தால் உண்மையான எல்டிஎல் 107. இந்த 30 சதவீதம் ஆளுக்கு ஆள் நிறைய மாறும் என்பதால், கழித்து வந்த எண்ணை வைத்து "எனக்கு எல்டிஎல் குறைவுதான்" என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. மாத்திரையின் விளைவைப் புரிந்துகொள்ள மட்டும் இந்தக் கணக்கு உதவும்.

எப்படி என்று பாருங்கள். ஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரையான ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம் எல்டிஎல்லைச் சுமார் 45 சதவீதம் குறைக்கும். ஆனால் ஸ்டாடின்களால் எல்பி(ஏ) குறையாது, சிலருக்குக் கொஞ்சம் ஏறவும் செய்யும். எனவே 107 மட்டும் இறங்கி 59 ஆகும், 31 அப்படியே நிற்கும். ரிப்போர்ட்டில் 90 என்று வரும். 138-லிருந்து 90 என்றால் 35 சதவீதம்தான். இதைப் பார்க்கும் மருத்துவர், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று நினைக்கக்கூடும். ஒழுங்காகச் சாப்பிட்டும் எதிர்பார்த்த அளவுக்கு எல்டிஎல் இறங்கவில்லை என்றால் எல்பி(ஏ) அதிகமோ என்று சந்தேகிப்பது நல்ல பழக்கம். உங்கள் அண்ணனிடம் நடப்பதும் பெரும்பாலும் இதுவே. அவருடைய எல்பி(ஏ) குறையவில்லை என்பதை மாத்திரை வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டு அவர் நிறுத்திவிடக் கூடாது. இந்தப் பதிலில் என்னைக் கவலைப்படுத்தும் இடம் அதுதான். அவருக்கு இன்றே சொல்லுங்கள்.

எல்டிஎல்லைக் குறைப்பது எல்பி(ஏ)யின் கெடுதலை ஈடுகட்டுமா? மரபணு ஆய்வுகள் இதற்கு ஓர் அளவுகோல் தருகின்றன. எல்டிஎல்லில் 39 மில்லிகிராம் குறைவதால் கிடைக்கும் பாதுகாப்பு எல்பி(ஏ)யில் கிடைக்க வேண்டுமானால், அது 65 முதல் 100 மில்லிகிராம் வரை குறைய வேண்டும். மேலே போட்ட கணக்கில் உங்கள் எல்டிஎல் 48 மில்லிகிராம் இறங்கியது. மாற்ற முடியாத எண்ணின் சுமையில் பெரும்பகுதியை மாற்றக்கூடிய எண்ணால் தூக்கிவிடலாம் என்று பொருள். ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். மரபணுக் கணக்கு பிறந்ததிலிருந்து வாழ்நாள் முழுவதற்குமானது. உங்கள் ரத்தக்குழாய்கள் 41 ஆண்டுகளை ஏற்கெனவே கடந்துவிட்டன. ஸ்டாடின் ஆய்வுகளில் எல்டிஎல் 39 மில்லிகிராம் குறைந்தபோது சில ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆண்டுகள் கூடக்கூட அந்தப் பயனும் கூடும். 41-இல் தொடங்குவதற்கும் 55-இல் தொடங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆகவே உங்களுக்கு மாத்திரை தேவையா என்றால், தேவை என்பது என் கருத்து. எண் 104 மட்டும் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் இளவயது இதய நோய் இல்லாதிருந்தால், பொறுத்துப் பார்க்கலாமா என்று யோசித்திருப்பேன். அப்பா 51, அண்ணன் 46 என்ற வரலாறு அந்த இடத்தை விட்டுவைக்கவில்லை. மிதமான அளவு ஸ்டாடினில் தொடங்கி, 6 முதல் 12 வாரத்தில் எல்டிஎல் பார்த்து, ரிப்போர்ட்டில் 70-க்குக் கீழே கொண்டுவர முயல்வேன். 90-இலேயே நின்றால் எசிடிமைப் என்ற இன்னொரு மாத்திரையை 10 மில்லிகிராம் சேர்க்கலாம். அது எஞ்சியதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு எந்த எண்ணை எட்ட வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை, உங்கள் மருத்துவர் 100 போதும் என்றும் சொல்லலாம். அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், கர்ப்பத்துக்கு முயலும் காலத்திலும் கர்ப்ப காலத்திலும் பொதுவாக ஸ்டாடினை நிறுத்தி வைப்போம்.

மாத்திரை தொடங்கத் தயக்கமாக இருந்தால் இதயக் குழாய்களுக்கான கால்சியம் ஸ்கோர் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். 41 வயதுப் பெண்ணுக்கு அதில் ஒன்றிரண்டு புள்ளி வந்தாலே அது பெரிய செய்தி, அதன்பின் தயங்க இடமில்லை. பூஜ்யம் வந்தால் மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். இந்த வயதில் படிந்த கொழுப்பு இன்னும் சுண்ணாம்பாக மாறாமல் இருக்கலாம். எனவே பூஜ்யம் என்பது அவசரமில்லை என்று சொல்கிறது, ஆபத்தில்லை என்று சொல்லவில்லை.

ரத்த அழுத்தம் 128/82 என்பதை இந்தக் கணக்கில் நான் "நார்மல்" என்று கடந்துபோக மாட்டேன். ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் உட்கார்ந்து அளந்து எழுதி வாருங்கள்.

அண்ணனின் நிலை வேறு. அவருக்கு நோய் வந்துவிட்டது. எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய இதய மருத்துவர்கள் வைக்கும் இலக்கு. உயர்ந்த அளவு ஸ்டாடினும் எசிடிமைபும் சேர்ந்தும் அது எட்டவில்லை என்றால், எவோலோகுமாப், அலிரோகுமாப் என்ற ஊசிகளைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேட்கட்டும். அவை எல்டிஎல்லைப் பாதிக்கு மேல் குறைப்பதோடு எல்பி(ஏ)யையும் சுமார் கால் பங்கு குறைக்கின்றன. இவற்றின் பெரிய ஆய்வுகளில், எல்பி(ஏ) அதிகம் உள்ளவர்களுக்கே கிடைத்த பயனும் அதிகமாக இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நோய் முற்றிக்கொண்டே போகும் சிலருக்கு, ரத்தத்தை வெளியே எடுத்து இந்தத் துகள்களை வடித்துத் திருப்பி அனுப்பும் அஃபெரிசிஸ் என்ற சிகிச்சை சில நாடுகளில் தரப்படுகிறது. ஒவ்வொரு முறையும் எல்பி(ஏ) பாதிக்கு மேல் இறங்கும், சில நாளில் மறுபடி ஏறிவிடும். வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ தொடர வேண்டிய பாடு அது. அண்ணனுக்கு அது இப்போது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

"மருந்தே இல்லை" என்று உங்களிடம் சொன்னது ஏறக்குறைய உண்மை. கல்லீரல் இந்தப் புரதத்தை உருவாக்குவதையே தடுக்கும் ஊசிகள் சோதனையில் இருக்கின்றன. பெலகார்சென் மாதம் ஒருமுறை போடுவது, அளவை 80 சதவீதம் வரை குறைத்திருக்கிறது. ஓல்பசிரான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அது 90 சதவீதத்துக்கும் மேல் குறைத்திருக்கிறது. எண் இறங்கும் என்பது நிரூபணமாகிவிட்டது. எண்ணோடு மாரடைப்பும் குறையுமா என்று பார்க்க ஆயிரக்கணக்கானவர்களை வைத்துப் பெரிய ஆய்வுகள் நடத்தப்படுகின்றன. அந்த வேறுபாட்டை இந்தத் துறை பட்டுத் தெரிந்துகொண்டது. நியாசின் என்ற பழைய மருந்து எல்பி(ஏ)யைக் கால் பங்கு அளவுக்குக் குறைத்தது. ஆனால் ஸ்டாடினோடு சேர்த்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மாரடைப்பு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. எண்ணைக் குறைக்கிறேன் என்று யாராவது அதையோ வேறு சத்துமாத்திரையையோ தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் எல்பி(ஏ)யைக் குறைக்கும், ஆனால் அதற்காக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆஸ்பிரின் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள் என்பதால் எழுதுகிறேன். எல்பி(ஏ)யை உயர்த்தும் மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினால் பயன் இருக்கலாம் என்று பழைய ஆய்வுகளைத் திரும்பப் பிரித்துப் பார்த்ததில் தெரிகிறது. அதற்கென்றே நடத்தப்பட்ட ஆய்வு இல்லை. வயிற்றில் ரத்தக் கசிவு வரும் அபாயமோ நிச்சயமானது. நோய் வந்துவிட்ட உங்கள் அண்ணன் ஆஸ்பிரினை விடக் கூடாது. நீங்களாக அதைத் தொடங்கவும் கூடாது.

இதயக் குழாய்களைத் தவிர எல்பி(ஏ) தொடும் இன்னோர் இடம் மகாதமனி வால்வு. அங்கே சுண்ணாம்பு படிந்து வால்வு இறுகுவதற்கு இது ஒரு காரணம் என்பது மரபணு ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. பொதுவாக அறுபதைத் தாண்டியபின் தெரியவரும். உங்களுக்கு இப்போதே எக்கோ எடுக்க வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொரு முறையும் மருத்துவர் ஸ்டெத்தாஸ்கோப் வைத்து வால்வின் ஒலியைக் கேட்டால் போதும். முணுமுணுப்புச் சத்தம் கேட்டாலோ, ஏறும்போது மூச்சு வாங்குதல், மயக்கம், நெஞ்சில் இறுக்கம் என்று ஏதாவது வந்தாலோ எக்கோ எடுங்கள். அம்மாவுக்கு எல்பி(ஏ) அதிகம் என்று தெரியவந்தால் அவருக்கு இது இன்னும் பொருந்தும்.

இனி இந்தப் பரிசோதனையை நீங்கள் அடிக்கடி எடுக்க வேண்டாம். பெரியவர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது எல்பி(ஏ) அளக்க வேண்டும் என்று ஐரோப்பிய ரத்தக்குழாய்க் கொழுப்பு நோய்ச் சங்கம் 2022-இல் சொன்னது, அமெரிக்காவின் தேசிய லிப்பிட் சங்கமும் 2024-இல் அதையே சொன்னது. வெறும் வயிறு தேவையில்லை. காய்ச்சலோ கடுமையான தொற்றோ இருக்கும்போது எடுத்தால் எண் தவறான படம் காட்டலாம், உடம்பு தேறியபின் எடுப்பது மேல். திரும்ப அளக்கச் சில காரணங்கள் மட்டுமே உண்டு. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எல்பி(ஏ) கொஞ்சம் ஏறும். சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோயும், தைராய்டு குறைபாடும் அதை ஏற்றும். முதல் முடிவு 30-க்கும் 50-க்கும் இடையில் இருப்பவர்களுக்கு இவை பொருந்தும். 104-இல் இருக்கும் உங்களுக்கு மாதவிடாய்க்குப் பின் 115 ஆனாலும் செய்ய வேண்டியதில் மாற்றமில்லை. அலகுக் குழப்பத்தைத் தீர்க்க மட்டும், நானோமோலில் தரும், புரதத்தின் அளவால் பாதிக்கப்படாத முறையில் செய்யும் ஆய்வகத்தில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளலாம். கட்டாயமில்லை.

மகனுக்கு எடுக்கலாம். உங்களிடமிருந்து அந்தப் பிரதி அவனுக்குப் போயிருக்கும் வாய்ப்பு சரிபாதி. 14 வயதில் எண் ஏறக்குறைய நிலைபெற்றிருக்கும், பெரியவனானதும் மறுபடி பார்க்கப் பெரும்பாலும் தேவை வராது. அதே ரத்தத்தில் எல்டிஎல்லும் பார்க்கச் சொல்லுங்கள். எல்டிஎல்லே பரம்பரையாக மிக உயர்ந்திருக்கும் வேறொரு நோய் உண்டு. அதுவும் எல்பி(ஏ)யும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வந்தால், அந்தப் பிள்ளைக்கு இப்போதே மருத்துவம் வேண்டும். உங்கள் 138-ஐப் பார்த்தால் அது உங்கள் வழியாக வந்திருக்கும் என்று தோன்றவில்லை. எல்பி(ஏ) மட்டும் அதிகம் என்றால் மகனுக்கு மாத்திரை எதுவும் இல்லை. புகையை அவன் தொடவே கூடாது, மின்சிகரெட்டும் அதில் அடக்கம். எடையையும் ரத்த அழுத்தத்தையும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். இருபதுகளில் தன் எல்டிஎல்லைத் தானே கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். அவனிடம் சொல்லும்போது தாத்தாவும் மாமாவும் போன வழி என்று தொடங்காதீர்கள். கொழுப்பை ஒட்டிச் செல்லும் ஒரு துகள் நம் குடும்பத்தில் சிலருக்கு அதிகம், அதனால் நமக்குப் புகை மற்றவர்களைவிட அதிகமாகக் கெடுக்கும் என்று சொன்னால் அந்த வயதுக்குப் புரியும்.

அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அதே சரிபாதி வாய்ப்பு. உங்களுக்கு வேறு அக்காவோ தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களுக்கும் அப்படியே. அப்பாவின் கூடப்பிறந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டையும் அண்ணனின் ரிப்போர்ட்டையும் அலகு தெரியும்படி படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்களின் மருத்துவருக்கு அதைப் பார்த்தாலே எதற்காக எடுக்க வந்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடும்.